வேறொருவருக்கு வரவேண்டிய மெயில் உங்களுக்கு வந்தால்

கேள்வி: சில மாதங்களாக என் ஜிமெயிலுக்கு முன்பின் தெரியாத ஒருவருக்கான மெயில்கள் வருகின்றன. அவருக்கும் எனக்கும் ஒரே பெயர், ஒரே இனிஷியல். அவர் முகவரியில் பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது, என்னுடையதில் இல்லை. முதலில் ஒரு ஷாப்பிங் தளத்தின் ஆர்டர் விவரங்கள் வந்தன, அப்புறம் கடன் தவணை நினைவூட்டல். போன வாரம் ஒரு லேபிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவே வந்துவிட்டது. என் கணக்கை யாராவது ஹேக் செய்துவிட்டார்களா? ஷாப்பிங் தளத்தில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று கொடுத்தால் அதற்கான மெயிலும் எனக்குத்தான் வரும். உள்ளே போய் அவர் போன் நம்பரை எடுத்து, கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா? இல்லை, எல்லாவற்றையும் ஸ்பேமில் தள்ளிவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா?

பதில்: நீங்கள் சொல்கிற அறிகுறிகளில் ஹேக்குக்கான அடையாளம் எதுவும் இல்லை. அந்தப் புள்ளிதான் உங்களைக் குழப்புகிறது, அதை முதலில் பார்த்துவிடலாம்.

@gmail.com என்று முடியும் முகவரிகளில் புள்ளிக்கு மதிப்பே கிடையாது. `manik@gmail.com` என்று ஒருவருக்கு முகவரி இருந்தால், `mani.k@gmail.com`, `m.anik@gmail.com` எல்லாமே அவருடையதுதான். அவற்றில் ஒன்றை வேறு யாரும் புதிதாகப் பதிவு செய்ய முடியாது. ஆகவே புள்ளி வைத்த முகவரிக்குச் சொந்தக்காரர் என்று தனியாக ஒருவர் இல்லை, அதுவும் நீங்கள்தான். சந்தேகமாக இருந்தால் வேறொரு கணக்கிலிருந்து புள்ளி வைத்த முகவரிக்கு ஒரு மெயில் போட்டுப் பாருங்கள், உங்கள் இன்பாக்ஸுக்கே வந்து விழும். (எல்லாச் சேவைகளிலும் இப்படி இல்லை. அவுட்லுக்கில் புள்ளி வைத்தது வேறு முகவரி. அலுவலகமோ கல்லூரியோ தன் சொந்த டொமைனில் கூகுள் மெயிலைப் பயன்படுத்தினால் அங்கேயும் அப்படித்தான்.)

வந்த மெயிலின் மூலத்தைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி, `Show original` என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக ஏதேதோ வரும். அதில் இந்த இரண்டு வரிகளை மட்டும் தேடுங்கள்:

```
Delivered-To: manik@gmail.com
To: mani.k@gmail.com
```

`To` என்பது அனுப்பியவர் எழுதிய முகவரி. `Delivered-To` என்பது மெயில் உண்மையில் எந்தப் பெட்டியில் சேர்ந்தது என்பது. இரண்டுக்கும் புள்ளி மட்டும்தான் வித்தியாசம் என்றால் உங்கள் கணக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. `To` வரியில் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத முகவரி இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். யாராவது உங்களை `Bcc`-யில் சேர்த்திருக்கலாம், அல்லது இன்னொரு கணக்கிலிருந்து உங்களுக்கு ஃபார்வர்டு ஆகிக்கொண்டிருக்கலாம். ஹேக் நடந்திருந்தால் அடையாளங்கள் வேறு இடத்தில் தெரியும்: நீங்கள் அனுப்பாத மெயில்கள் Sent-இல் கிடக்கும், செட்டிங்ஸில் நீங்கள் போடாத ஃபில்டரோ ஃபார்வர்டிங் முகவரியோ இருக்கும், கூகுள் கணக்கின் சாதனப் பட்டியலில் தெரியாத போன் ஒன்று நிற்கும். ஐந்து நிமிட வேலைதான், மனநிம்மதிக்காகப் பார்த்துவிடுங்கள்.

சரி, அப்படியானால் அந்த மனிதரின் உண்மையான முகவரி எது? அநேகமாக உங்களுடையதைப் போலவே இருந்து, கடைசியில் ஓர் எண் கூடுதலாகவோ ஓர் எழுத்து மாறியோ இருக்கும். இல்லையென்றால் அவருடையது ஜிமெயிலாகவே இருக்காது. தவறு இரண்டு இடங்களில் நடக்கலாம். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழுந்ததைத் தட்டச்சு செய்யும்போது ஓர் எண் விட்டுப்போயிருக்கலாம். அல்லது அவரே தன் முகவரியைத் தப்பாக நினைவு வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே எழுதிக் கொடுக்கலாம். எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரே இடத்திலிருந்து மட்டும் மெயில் வந்தால் தவறு பெரும்பாலும் அந்த இடத்தில்தான். உங்களுக்கு வருவதோ ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களிலிருந்து. மூன்று பேரும் தனித்தனியாக ஒரே தவறைச் செய்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே அவரேதான் தப்பான முகவரியைக் கொடுத்துவருகிறார். லேபிடம் சொல்லித் திருத்தினால் லேபின் மெயில் மட்டும்தான் நிற்கும். யாராவது அவரிடமே சொன்னால்தான் மொத்தமும் நிற்கும்.

அதனால்தான் நான் இதைச் சும்மா விட்டுவிடச் சொல்லமாட்டேன். மெயில் சர்வர் பார்க்கிறவன் என்ற முறையில் இதை அனுப்புகிறவரின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இல்லாத முகவரிக்கு ஒரு மெயில் போனால் எதிர்ப்பக்க சர்வர் `550 5.1.1` என்ற பிழையோடு அதைத் திருப்பிவிடும். அனுப்பியவருக்குத் தவறு உடனே தெரியும். ஆனால் தப்பான முகவரி உண்மையாகவே இருந்து, அதை யாரோ ஒருவர் வைத்திருந்தால், சர்வர் மெயிலை வாங்கிக்கொள்ளும். அனுப்பியவரின் பதிவில் 'சேர்ந்தது' என்றே இருக்கும். லேபில் இருப்பவர் "ரிசல்ட்டை மெயிலில் அனுப்பியாச்சே" என்பார். நோயாளியோ இன்னும் வரவில்லை என்று காத்திருப்பார். இந்தத் தவறு நடந்திருப்பது உலகத்தில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். ஸ்பேமில் தள்ளினால் அதுவும் போய்விடும்: அடுத்த முறை வருவது உங்கள் கண்ணிலேயே படாது, லேபுக்கும் ஒன்றும் தெரியாது. ஒழுங்காக நடக்கிற ஒரு லேபின் மெயிலை ஸ்பேம் என்று குறிப்பது அவர்கள் மற்ற நோயாளிகளுக்கு அனுப்பும் மெயில்களையும் பாதிக்கலாம்.

இப்போது பாஸ்வேர்டு விஷயம். உங்கள் நோக்கம் நல்லதுதான், ஆனாலும் வேண்டாம். மெயில் முகவரி உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கை உருவாக்கியது அவர், உள்ளே இருக்கும் வீட்டு முகவரியும் கார்டு விவரமும் ஆர்டர்களும் அவருடையவை. பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போவது அனுமதியில்லாமல் இன்னொருவர் கணக்கில் நுழைவது. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், 'உதவி செய்யத்தான் போனேன்' என்பது பதிலாக நிற்காமல் போகலாம். சட்டத்தை விடுங்கள், நடைமுறையில் என்ன ஆகும் என்று பாருங்கள். அவருடைய பழைய பாஸ்வேர்டு வேலை செய்யாது. புதிதாக மாற்றலாம் என்று முயன்றால் அதற்கான மெயில் உங்களுக்குத்தான் வரும், அவர் வெளியிலேயே நிற்பார். தன் கணக்கு திருடப்பட்டதாக அவர் புகார் கொடுத்தால், கடைசியாக உள்ளே வந்தவர் என்று உங்கள் இணைப்பின் ஐபி முகவரிதான் பதிவில் இருக்கும். அப்புறம் நீங்களே போன் செய்து "உங்கள் நம்பரை உங்கள் கணக்கிலிருந்து எடுத்தேன்" என்றால், நல்லவர்கூடப் பயந்துபோவார்.

அதேபோல 'உங்கள் மெயில் முகவரியை உறுதி செய்யுங்கள்' என்று வரும் லிங்க்கையும் அழுத்தாதீர்கள். அழுத்தினால், இந்த முகவரி அந்தக் கணக்குக்காரருடையதுதான் என்று நீங்களே சான்று கொடுத்ததாகும். அந்த மெயிலின் அடியில் சின்ன எழுத்தில் 'இது நான் இல்லை', 'இந்தக் கணக்கை நான் தொடங்கவில்லை' என்ற பொருளில் ஒரு லிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் உங்களுக்கானது.

அவர் நம்பரை நீங்கள் தேட வேண்டியதே இல்லை. லேபிடம் இருக்கிறது, கடன் கொடுத்தவரிடமும் இருக்கிறது. அவர்களைவிட்டு அவரைக் கூப்பிடச் சொல்வதுதான் உங்கள் வேலை.

லேபிலிருந்து ஆரம்பியுங்கள், அதுதான் அவசரம். வந்த மெயிலுக்கு Reply கொடுங்கள். கீழே ஒட்டிக்கொண்டு வரும் பழைய மெயிலை முழுவதும் அழித்துவிடுங்கள். சாதாரணமாக Reply-இல் இணைப்பு திரும்பப் போகாது என்றாலும், அவருடைய பெயரும் விவரமும் மெயிலின் உடலில் இருந்தால் அது மறுபடியும் ஒரு சுற்று சுற்றும். `Cc`-யில் வேறு யாராவது இருந்தால் அவர்களையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் இவ்வளவு போதும்:

"வணக்கம். இன்ன தேதி இன்ன நேரத்துக்கு நீங்கள் அனுப்பிய மெயில் எனக்கு வந்திருக்கிறது. நான் உங்கள் நோயாளி இல்லை. உங்கள் பதிவில் இருக்கும் மெயில் முகவரி தவறு, அது என்னுடையது. தயவுசெய்து அதை நீக்கிவிட்டு, உரியவரைப் போனில் அழைத்துச் சரியான முகவரியைக் கேளுங்கள். மற்ற இடங்களிலும் இதே முகவரியைக் கொடுத்திருக்கிறார் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். வந்த மெயிலை நான் யாருக்கும் அனுப்பவில்லை. நீங்கள் சரிசெய்ததாகப் பதில் போட்டவுடன் அழித்துவிடுகிறேன்."

'மற்ற இடங்களிலும்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள், மொத்தத்தையும் நிறுத்தக்கூடிய வரி அதுதான். எந்தெந்த இடங்கள் என்று பட்டியல் போடாதீர்கள். அவருக்குக் கடன் இருப்பது லேபுக்குத் தெரிய வேண்டாம். பரிசோதனை முடிவில் என்ன இருந்தது என்பதையும் எழுதாதீர்கள். இணைப்பைத் திறக்காமலே இருந்திருந்தால் இனியும் திறக்க வேண்டாம், தலைப்பும் தேதியும் போதும். அவருடைய முகவரி இதுவாக இருக்கும் என்று ஊகித்து, ஓர் எண்ணைச் சேர்த்து நீங்களே ஃபார்வர்டு செய்யவும் வேண்டாம். ஊகம் தப்பானால் அந்த ரிசல்ட் மூன்றாவது ஆளிடம் போய்ச் சேரும், அனுப்பியவர் நீங்களாக இருப்பீர்கள்.

மெயில் `no-reply` முகவரியிலிருந்து வந்திருந்தால் பதில் போட்டுப் பயனில்லை. லேபின் இணையதளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, தொடர்பு பக்கத்தில் இருக்கும் மெயிலுக்கோ போனுக்கோ சொல்லுங்கள். அங்கே தனியுரிமைக்கு அல்லது தரவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் என்று ஒரு முகவரி இருந்தால் அதற்கே எழுதுங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு இது நூறு புகாரில் ஒன்று, தனியுரிமைப் பிரிவுக்கோ இது உடனே பதிவுசெய்ய வேண்டிய சம்பவம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டத்தில், ஒருவரின் விவரம் வேறொருவருக்குப் போவது தரவு மீறலாகவே கருதப்படும். அதனால் ஆபத்து இருக்கலாம் என்றால், தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் லேப் அந்தச் சட்டத்தின்கீழ் வராவிட்டாலும் 'நோயாளியின் விவரம் வெளியாள் ஒருவருக்கு வந்திருக்கிறது' என்ற வாக்கியத்துக்குக் கனம் உண்டு, அதை அப்படியே பயன்படுத்துங்கள்.

முடிவு ஆபத்தானதாக இருந்து, 'உடனே மருத்துவரைப் பாருங்கள்' என்பது போன்ற வரி தலைப்பிலேயே கண்ணில் பட்டுவிட்டால், மெயிலோடு நிறுத்தாமல் லேபுக்குப் போன் செய்துவிடுங்கள். நாளைக்கான பயணச் சீட்டு, நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு வந்தாலும் அப்படியே. சொல்வதோடு உங்கள் பங்கு முடிந்தது. அவர் சார்பில் தேதி மாற்றுவது, ரத்து செய்வது எதுவும் வேண்டாம்.

கடன் தவணை மெயிலில் மட்டும் ஒரு படி கூடுதலாகச் செல்லுங்கள்: அது உண்மையானதுதானா என்று முதலில் பாருங்கள். தவறி வந்ததுபோல் நடித்து வரும் மோசடி மெயில்கள் உண்டு. 'உங்கள் கணக்கிலிருந்து இவ்வளவு எடுக்கப்படும், ரத்து செய்ய இந்த எண்ணை அழையுங்கள்' என்று இருக்கும். வேறொருவருக்கு வந்தது என்று நினைத்து, அவருக்கு உதவுவதாக எண்ணி நீங்கள் அந்த எண்ணை அழைப்பீர்கள், அங்கே மோசடிக்காரர் காத்திருப்பார். முன்பு பார்த்த `Show original` பக்கத்தின் மேல்பகுதியில் `SPF`, `DKIM`, `DMARC` என்று மூன்று வரிகள் இருக்கும். அவற்றுக்கு எதிரே `PASS` என்று இருந்தால், மெயில் அதில் குறிப்பிட்ட டொமைனிலிருந்துதான் வந்திருக்கிறது என்று பொருள். அந்த டொமைன் கடன் கொடுத்த நிறுவனத்துடையதுதானா என்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்ப்பது உங்கள் வேலை. பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் பதிவு செய்த மோசடி டொமைனுக்கும் `PASS` கிடைக்கும். எது எப்படி இருந்தாலும் மெயிலுக்குள் இருக்கும் எண்ணை அழைக்காதீர்கள். நீங்கள் பதில் போட்டபின் எதிர்ப்பக்கம் நன்றி சொல்லி, நலம் விசாரித்து, பேச்சை வளர்க்க ஆரம்பித்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தவறான முகவரியைத் திருத்துவதற்கு நட்பு தேவையில்லை.

உண்மையான மெயிலிலும் ஒரு பொறி உண்டு, புள்ளி விவகாரத்தில் பலருக்குத் தெரியாத பகுதி இதுதான். ஜிமெயில் புள்ளியைக் கண்டுகொள்வதில்லை, மற்ற பல தளங்கள் கண்டுகொள்கின்றன. நீங்கள் ஒரு வீடியோ சேவையில் புள்ளியில்லாத முகவரியில் சந்தா வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் புள்ளி வைத்து அதே சேவையில் சேர்ந்தால், தளத்தைப் பொறுத்தவரை அது வேறு கணக்கு. அவருடைய கார்டு காலாவதியானதும் 'பணம் எடுக்க முடியவில்லை, கார்டு விவரத்தைப் புதுப்பியுங்கள்' என்று உங்களுக்கு மெயில் வரும். நூற்றுக்கு நூறு அசல் மெயில், மூன்று வரிகளிலும் `PASS`. உங்கள் சந்தாதான் என்று நினைத்து லிங்க்கை அழுத்திக் கார்டைக் கொடுத்தால், மாதாமாதம் அவருக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள். வேண்டுமென்றே இப்படிச் செய்யவும் வழி இருக்கிறது. ஆகவே பணம் கேட்கும் மெயில் எதுவானாலும் லிங்க்கைத் தொடாமல் தளத்தை நேரடியாகத் திறந்து உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். உங்கள் கணக்கில் நிலுவை இல்லையென்றால் அந்த மெயில் உங்களுடையது இல்லை.

ஷாப்பிங் தளத்துக்கு வருவோம். அதன் விளம்பர மெயில்களை நிறுத்த Unsubscribe போதும். 2024-இலிருந்து, மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் ஒரே அழுத்தலில் விலக வழி வைக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் கட்டாயமாக்கிவிட்டன. ஜிமெயிலில் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே அது பெரும்பாலும் தெரியும். ஆனால் ஆர்டர் விவரமும் டெலிவரி செய்தியும் இதனால் நிற்காது, அவை கணக்கோடு சேர்ந்தவை. அதற்குத் தளத்தின் உதவிப் பிரிவுக்கு உங்கள் முகவரியிலிருந்தே எழுதி, 'இந்த முகவரியை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்' என்று கேளுங்கள். மெயில் இந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்பதே முகவரி உங்களுடையது என்பதற்குச் சான்று. கணக்கை மூடச் சொல்லாதீர்கள். அவருடைய ஆர்டர் வழியில் இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். இப்படித் தன் முகவரியைத் தப்பாக நினைவு வைத்திருப்பவர், தன் உண்மையான கூகுள் கணக்குக்கு மீட்பு முகவரியாகவும் உங்களுடையதைக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் அந்தக் கணக்கின் பாதுகாப்பு எச்சரிக்கைகளின் நகல் கூகுளிடமிருந்து உங்களுக்கு வரும். 'இந்தக் கணக்கைத் தெரியாது என்றால் உங்கள் முகவரியை நீக்கிவிடலாம்' என்ற லிங்க் அதிலேயே இருக்கும். மெயில் உண்மையில் கூகுளுடையதா என்று மூலத்தில் சரிபார்த்துவிட்டு, அதை நீக்கிவிடுங்கள். இதற்கு அவர் கணக்குக்குள் போகத் தேவையில்லை. நீங்கள் விட்டுவைத்தால், என்றாவது அவர் பாஸ்வேர்டை மறக்கும் நாளில் அவருடைய மீட்புக் குறியீடு உங்கள் பெட்டியில் வந்து கிடக்கும்.

லேப் பதில் போட்டதும் அந்த மெயிலை அழித்துவிட்டு Trash-ஐயும் காலி செய்யுங்கள். இல்லையென்றால் அது அங்கே 30 நாள் இருக்கும். பதிலே வராமல் அடுத்த ரிசல்ட்டும் வந்தால் இன்னொரு முறை போனில் சொல்லுங்கள், யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். அதற்குப் பிறகும் நிற்கவில்லையென்றால் அந்த அனுப்புநர் முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டு, இன்பாக்ஸில் வராமல் தனி லேபிளில் விழும்படி செய்துகொள்ளுங்கள். அந்த லேபில் நீங்களே எப்போதாவது ரத்தம் கொடுக்கப் போனால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஃபில்டரை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ரிசல்ட்டும் அதற்குள்ளேதான் போய் விழும்.